அணிக்கோவைக்குள்ள எல்லை: x² இருந்தா 0 வருது, x⁴ ஆக்கினா ஏன் 2/3?

நள்ளிரவு_நோட்டு
எல்லாருக்கும் வணக்கம். நேத்து மாதிரித் தேர்வுல வந்த ஒரு கணக்கு, எனக்கு முழுசா பதினோரு நிமிஷம் எடுத்துச்சு, அதுக்கப்புறமும் தப்பு. கீழ இருக்கறது f(x).

```
       | cos x      x     1  |
f(x) = | 3 sin x    x     3x |
       | sin x      x     x  |
```

முதல் கேள்வி: x → 0 ஆகும்போது f(x)/x² எவ்வளவு. அதுக்கு 0ன்னு போட்டேன், சரி. அடுத்த கேள்வி அதே f(x)தான், ஆனா கீழ x⁴. மேல 0 வந்துச்சே, அப்ப இதுவும் 0தான்னு போட்டுட்டேன். விடை 2/3ன்னு குடுத்திருக்காங்க. முதல் கேள்விக்கு நான் லோபிதால் போட்டு மேலயும் கீழயும் ரெண்டு தடவை வகையிட்டேன், அணிக்கோவையை வகையிட்டா மூணு அணிக்கோவை வரும், திரும்ப ஒருதடவைன்னா ஒன்பது, பக்கம் நிறைஞ்சுபோச்சு. x⁴க்கு அதே மாதிரி நாலு தடவை பண்ணணும்னு நெனச்சதுமே கை ஓடல. இதுக்கு ஏதாவது குறுக்கு வழி இருக்கா?

வேகம்120
இதுக்கா பதினோரு நிமிஷம்? பாரு, கீழ x² இருக்கு, மேல மூணு நிரை இருக்கு. ரெண்டாவது நிரைக்கு ஒரு x, மூணாவது நிரைக்கு ஒரு x குடுத்துடு, அதாவது அந்த நிரைல இருக்கற மூணு உறுப்பையும் x ஆல வகுத்துடு. இப்ப x ஐ 0 ஆக்கு. முதல் நிரை 1, 0, 1. ரெண்டாவது 3, 1, 3. மூணாவது 1, 1, 1. முதல் நிரலும் மூணாவது நிரலும் அச்சு அசலா ஒண்ணு, அதனால 0. இருபது செகண்ட். கீழ x⁴ இருந்தாலும் மேல நிரல் ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கும், அப்பவும் 0தான். விடைத்தாள்ல தப்பா அச்சடிச்சிருப்பாங்க, அடிக்கடி நடக்கற விஷயம்தான்.

புதுசு_நான்
ஒரு டவுட், ரெண்டு பக்கமும் செங்குத்து கோடு போட்டிருக்கே அது மட்டுமதிப்பு தானே, அப்ப இடப்பக்க எல்லை வலப்பக்க எல்லை தனித்தனியா பாக்கணும்ல? நெகட்டிவ் வரவே கூடாது இல்லையா?

நிரைநிரல்
இல்ல தம்பி, உள்ள ஒன்பது உறுப்பு அடுக்கி இருக்கு பாரு, அது அணிக்கோவைக்கான கோடு, மட்டுமதிப்பு இல்ல. இது நெகட்டிவா தாராளமா வரும்.

புதுசு_நான்
ஐயோ சாரி. நான் அதை ஒன்பது எண்ணோட மட்டுமதிப்புன்னு நெனச்சு என்னடா இதுன்னு முழிச்சிட்டு இருந்தேன் 😅 சரி அப்ப இன்னொண்ணு கேக்கறேன், x² ஆல வகுக்கணும்னா ஒன்பது உறுப்பையும் x² ஆல வகுத்தா போதாதா? அணில அப்படித்தான் பண்ணச் சொல்லிக்குடுத்தாங்க.

நிரைநிரல்
அணிக்கு அது சரி. அணிக்கோவைக்கு அப்படிப் பண்ணா மூணு நிரையும் x² ஆல வகுபடுது, மொத்தத்துல x⁶ ஆல வகுத்துட்ட மாதிரி ஆயிடும். ஒரு எண்ணை ஒரே ஒரு நிரைக்கோ ஒரே ஒரு நிரலுக்கோதான் குடுக்கலாம். பாதி பேர் மார்க் விடறது இங்கதான், நானும் விட்டிருக்கேன்.

கரும்பலகை
விடைத்தாள் தப்பில்ல, 2/3 சரி. வேகம் தம்பி x²க்கு சொன்ன வழியும் சரிதான், x⁴க்கு அதை அப்படியே இழுத்துட்டுப் போனதுதான் தப்பு. அது ஏன்னு பின்னாடி சொல்றேன், முதல்ல கணக்கை முடிச்சிடலாம்.

இந்த மாதிரி கேள்வியப் பாத்தா நான் x ஐ 0 ஆக்கறதுக்கு முன்னாடி நிரைகளை ரெண்டு நிமிஷம் உத்துப் பாப்பேன், அப்பறம்தான் எல்லை. ரெண்டாவது நிரைல முதல் உறுப்பு 3 sin x, கடைசி உறுப்பு 3x. மூணாவது நிரைல அதே இடங்கள்ல sin x, x. அப்படின்னா ரெண்டாவது நிரைலேர்ந்து மூணாவது நிரையோட மூணு மடங்கைக் கழிச்சா என்ன மிஞ்சும்? முதல் இடம் 3 sin x − 3 sin x, 0. நடு இடம் x − 3x, அதாவது −2x. கடைசி இடம் 3x − 3x, 0. நிரை மொத்தமும் 0, −2x, 0 ஆயிடுச்சு. இப்படிக் கழிச்சா அணிக்கோவையோட மதிப்பு மாறாது.

```
       | cos x      x     1 |
f(x) = | 0         -2x    0 |
       | sin x      x     x |
```

இப்ப அந்த நடு நிரை வழியா விரிச்சா ஒரே ஒரு உறுப்புதான் மிஞ்சுது. நடுவுல இருக்கறதால குறி மாறாது. ஆக f(x) = −2x (x cos x − sin x), அதாவது

f(x) = 2x (sin x − x cos x)

இங்க எதையும் தோராயமா எடுக்கல, எல்லா xக்கும் இது அப்படியே சமம். இனிமே கீழ x² போடுங்க, x³ போடுங்க, x⁴ போடுங்க, அணிக்கோவை பக்கமே போக வேண்டாம். x² போட்டா 2(sin x/x − cos x), இது 2(1 − 1), 0. x⁴ போட்டா 2(sin x − x cos x)/x³. மேல வகையிட்டா cos x − cos x + x sin x, அதாவது x sin x, கீழ 3x². sin x/(3x) ஆச்சு, 1/3. ரெண்டால பெருக்கினா 2/3. லோபிதால் ஒரே தடவைதான்.

நள்ளிரவு_நோட்டு
சார் 😭 நான் ஒன்பது அணிக்கோவை எழுதி வெச்சிருக்கேன். ரெண்டாவது நிரைல 3ம் 3ம் இருந்தது கண்ணுல பட்டுச்சு ஆனா லோபிதால் தலைல ஏறி உக்காந்துட்டதால கண்டுக்கவே இல்ல.

வேகம்120
சரி ஒத்துக்கறேன் 2/3 வருது. ஆனா எனக்குப் புரியல, நான் பண்ணதுல எந்த ஸ்டெப் தப்பு? நிரல் ரெண்டும் சமம், அணிக்கோவை 0. அது பொய்யா?

கரும்பலகை
நல்ல கேள்வி. நிரல் ரெண்டும் சமம்ங்கறது x = 0ல மட்டும்தான். x = 0.1ல பாரு, முதல் நிரல்ல வகுத்தப்பறம் cos 0.1 = 0.995, மூணாவது நிரல்ல 1. சமமா? இல்ல, கிட்டத்தட்ட சமம். அந்த "கிட்டத்தட்ட"ல எவ்வளவு மிச்சம் இருக்குங்கறதுதான் விஷயம்.

நீ மனசுக்குள்ள பண்ணது sin x இருந்த இடத்துல x, cos x இருந்த இடத்துல 1 போட்டது. sin x க்கும் x க்கும் உள்ள வித்தியாசம் சுமாரா x³/6. விரிச்சுப் பாத்தா sin x கூட ஒரு x பெருக்கிட்டு வருது, அதனால f ல நீ விட்ட பிழை x⁴ அளவு. அதே மாதிரி cos x ஐ 1னு போட்டதுல x²/2 போச்சு, அது கூட x² பெருக்கிட்டு வருது, அதுவும் x⁴ அளவு. கீழ x² இருந்தா இந்த x⁴ அளவு பிழை வகுத்தப்பறம் x² ஆகி காணாமப் போயிடும், அதனால உன் 0 சுத்தமான 0. கீழ x⁴ இருந்தா நீ தூக்கிப் போட்ட பிழைதான் விடையே. குப்பைத்தொட்டிலேர்ந்து பொறுக்கி எடுக்கணும்.

கால்குலேட்டர் இருந்தா x = 0.1 போட்டுப் பாருங்க. sin 0.1 = 0.0998334, 0.1 × cos 0.1 = 0.0995004. கழிச்சா 0.000333. 0.2 ஆல பெருக்கினா f = 0.0000666. x² ஆல வகுத்தா 0.00666, பூச்சியத்தைப் பாத்து போயிட்டிருக்கு. x⁴ ஆல வகுத்தா 0.666.

வேகம்120
ஓ. அப்ப x⁴க்கு நான் ரெண்டு நிரைக்கு தலா x² குடுத்திருந்தா?

கரும்பலகை
sin x / x² எங்க போகும்?

வேகம்120
வெடிச்சிடும். புரிஞ்சுது.

நிரைநிரல்
இதையே இன்னொரு தப்பாவும் பண்ணுவாங்க, நான் பாத்திருக்கேன். x² ல ஒரு x ஐ முதல் நிரைக்குக் குடுப்பாங்க. cos x / x, 1/x ரெண்டும் எகிறிடும், கீழ மூணாவது நிரை இன்னும் முழுசா 0. முடிவிலி பெருக்கல் 0ன்னு மாட்டிட்டு நிப்பாங்க. x குடுக்கறதுன்னா x → 0 ல தானாவே 0 ஆகற நிரைக்கு மட்டும்தான் குடுக்கணும், இங்க அது ரெண்டாவதும் மூணாவதும்.

அப்பறம் நள்ளிரவு, நீ வகையிட்ட வழி அவ்ளோ மோசமில்ல தெரியுமா. ஒன்பதும் எழுதவே தேவையில்ல. x = 0 ல ரெண்டாவது மூணாவது நிரை முழுக்க 0 தான? ரெண்டு தடவை வகையிடறப்ப ரெண்டு தடவையும் ஒரே நிரைல விழுந்தா இன்னொரு நிரை 0வாவே நிக்கும், அந்த அணிக்கோவை காலி. முதல் நிரைல ஒண்ணு விழுந்தாலும் அதே கதி. ரெண்டாவதுல ஒண்ணு மூணாவதுல ஒண்ணுன்னு விழுந்தது மட்டும்தான் பிழைக்கும், அது ரெண்டு தடவை வரும். அதுல x = 0 போட்டா 1,0,1 / 3,1,3 / 1,1,1. வேகம் எழுதின அதே அணிக்கோவை! f''(0) ஐ 2 ஆல வகுத்தா அவன் விடை. ரெண்டும் ஒரே வழிதான், அவன் எழுதாம பண்ணான், நீ எழுதி கஷ்டப்பட்ட.

நள்ளிரவு_நோட்டு
இது எனக்கு உண்மையிலயே புதுசு அக்கா. ஒன்பதுல ஏழு 0ன்னு தெரியாம ஏழையும் விரிச்சிருக்கேன்...

சோம்பேறி_சிங்கம்
இழையைக் கடத்தறதுக்கு மன்னிக்கவும், என்கிட்டயும் இதே சாயல்ல ஒரு கணக்கு இருக்கு. கீழ x²தான்.

```
| cos x      x      1  |
| sin 2x     3x     x  |
| tan x      x      2x |
```

கரும்பலகை சார் சொன்ன மாதிரி எதையாவது எதுலேர்ந்தாவது கழிச்சு 0 வரவழைக்கலாம்னு அரைமணி நேரமா உருட்டிட்டு இருக்கேன், sin 2x ஐ விரிச்சேன், tan x ஐ உடைச்சேன், ஒண்ணும் வரல. கடைசில வெறுத்துப்போய் x = 0 கிட்ட முதல் நிரை 1ல ஆரம்பிக்குது அடுத்தது 0ன்னு பாத்து 1 × (3×2 − 1×1) = 5ன்னு போட்டேன். விடை 4ங்கறான்.

வேகம்120
இது என் ஏரியா 😎 ரெண்டாவது நிரையை x ஆல வகுத்தா 2, 3, 1. மூணாவது 1, 1, 2. முதல் நிரை 1, 0, 1. நீ முதல் நிரைல கடைசி 1ஐ மறந்துட்ட. 1 × (6 − 1) = 5, கூட 1 × (2×1 − 3×1) = −1. மொத்தம் 4.

சோம்பேறி_சிங்கம்
அட பாவி, அந்த 1 கண்ணுக்கு முன்னாடியே இருந்திருக்கு.

கரும்பலகை
சரியா சொன்னான். இங்க நிரைகளைக் கழிச்சு சுத்தம் பண்ண வழி இல்ல, sin 2x க்கும் tan x க்கும் நடுவுல 3 மடங்கு 2 மடங்குன்னு நேரான உறவு கிடையாது. அதனால x ஐ பங்கு போட்டுக் குடுக்கறதுதான் வேகமான வழி. 4ன்னு 0 இல்லாத எண் வந்ததும் வேலை முடிஞ்சுது, நம்பலாம், ஏன்னா தூக்கிப்போட்டது எல்லாம் இதை விட சின்னது. 0 வந்துச்சுன்னாதான் யோசிக்கணும்: கீழ இருக்கற அடுக்கு முழுசையும் நிரைகளுக்குக் குடுத்துத் தீத்துட்டு, எதுவும் வெடிக்காம 0 வந்துச்சா? அப்ப அது உண்மையான 0. குடுத்தப்பறமும் கீழ x மிச்சம் இருக்கா? அப்ப 0/0ல நிக்கறோம், இன்னும் விடை வரல.

ரப்பர்_தொலைஞ்சவன்
எங்க சார் ஒரே வரில சொல்லுவார், sin x க்கு x போடறது பெருக்கல்ல செல்லும், கூட்டல் கழித்தல்ல செல்லாது. அணிக்கோவைன்னா கூட்டல் கழித்தல்தான, அதனால போடவே கூடாது. முடிஞ்சுது.

வேகம்120
அப்ப சிங்கத்தோட கணக்குல எப்படி 4 வந்துச்சாம்? அதுவும் கூட்டல்தான்.

ரப்பர்_தொலைஞ்சவன்
அது அதிர்ஷ்டம்.

நிரைநிரல்
அதிர்ஷ்டம் இல்ல. அங்க 5x² − x², வெட்டிக்கல, 4x² மிஞ்சி நிக்குது. நள்ளிரவோட கணக்குல −2x² + 2x², மொத்தமா வெட்டிக்கிச்சு. வெட்டிக்கற இடத்துலதான் அடுத்த உறுப்பு தேவை. உங்க சார் சொன்னது பாதுகாப்பான விதி, ஆனா அதுவே முழு உண்மைன்னு சொல்ல முடியாது.

ரப்பர்_தொலைஞ்சவன்
தேர்வு அறைல வெட்டிக்குமா வெட்டிக்காதான்னு பாத்துட்டு இருக்க நேரம் ஏது, ஒரு தடவை தப்பாச்சுன்னா நெகட்டிவ் மார்க். நான் எங்க சார் பக்கம்தான்.

கரும்பலகை
அது அவரவர் கை பழக்கம், சண்டை போட ஒண்ணுமில்ல. நானே ரெண்டு மாதிரியும் பண்ணுவேன். ஆனா ஒண்ணு, தொடர் விரிவு எழுதறவங்க எத்தனை உறுப்பு எழுதறோம்னு கீழ இருக்கற அடுக்கைப் பாத்து முடிவு பண்ணுங்க. கீழ x⁴ன்னா மேல x⁴ வரைக்கும் ஒரு உறுப்பு விடாம வரணும். sin x = x − x³/6ன்னு எழுதிட்டு cos x = 1ன்னு விட்டா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க.

நள்ளிரவு_நோட்டு
போட்டேன் சார். 2x(x − x³/6 − x) வந்து −x⁴/3. விடை −1/3ன்னு வருது! குறியே மாறிப்போச்சு.

கரும்பலகை
ஆமா. பாதி விரிச்சா அப்படித்தான், பாக்கறதுக்கு நல்ல விடை மாதிரியே இருக்கும், அதுவும் ஆப்ஷன்ல வெச்சிருப்பான்.

புதுசு_நான்
cos x க்கு 1 − x²/2 போட்டா 2x(x − x³/6 − x + x³/2), x³/2 − x³/6 = x³/3, அப்ப 2x⁴/3. 2/3 வந்துடுச்சு!! நானே போட்டேன்

நிரைநிரல்
மட்டுமதிப்புலேர்ந்து இங்க வந்துட்டியே தம்பி 👏

வேகம்120
எல்லாம் சரி, ஆனா தேர்வுல அந்த "ரெண்டாவது நிரை, மூணாவதோட மூணு மடங்கு" கண்ணுல படலைன்னா? எல்லா கணக்குலயும் அது ஒளிஞ்சிருக்கும்னு என்ன நிச்சயம்? சிங்கத்தோட கணக்குல அரைமணி நேரம் போச்சே.

கரும்பலகை
நிச்சயம் கிடையாது. நான் பாக்கறது, ஒரே சார்பு ரெண்டு நிரைல ஒரே நிரல்ல வருதான்னு. sin x க்கு கீழ sin x இருந்தா முயற்சி பண்ணலாம். sin 2x க்கு கீழ tan x இருந்தா விட்டுடுவேன். அவ்வளவுதான் என் சோதனை, சில சமயம் அதுவும் ஏமாத்தும்.

நள்ளிரவு_நோட்டு
ஒரு விஷயம் பண்ணிப் பாத்தேன். 3க்கு பதிலா k போட்டேன். ரெண்டாவது நிரை k sin x, x, kx. மூணாவதோட k மடங்கைக் கழிச்சா 0, (1−k)x, 0. f = (k−1) x (sin x − x cos x). x⁴க்கு எல்லை (k−1)/3. k = 3 போட்டா 2/3 சரியா வருது. k = 1 போட்டா 0, அங்க ரெண்டாவது நிரையும் மூணாவது நிரையும் ஒண்ணேதான், அதனால f எல்லா xக்கும் 0. இந்த 0 மட்டும் x⁴, x¹⁰ எது போட்டாலும் 0 தானே சார்?

கரும்பலகை
ஆமாம்மா. அது x = 0ல மட்டும் வர்ற சமம் இல்ல.

வேகம்120
அப்ப நான் சொன்னது k = 1க்கு கரெக்ட் 😌

சோம்பேறி_சிங்கம்
இதுக்கு ஒரு மார்க் குடுங்கடா அவனுக்கு. சார், என் கணக்குல கீழ x² க்கு பதில் x³ன்னு குடுத்திருந்தா? மேல 4x² மிஞ்சுது, அப்ப 4/x, இடப்பக்கம் ஒண்ணு வலப்பக்கம் ஒண்ணு, எல்லையே இல்லன்னு போடலாமா?

நிரைநிரல்
போடலாம். வலப்பக்கம் +∞, இடப்பக்கம் −∞. இங்கதான் புதுசு_நான் கேட்ட இடப்பக்கம் வலப்பக்கம் கடைசில வேலைக்கு வருது.